சம்பளச் சீட்டின் மூன்று அடித்தொகைகள்

நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், வத்தேகமைக்கும் மடுல்கலைக்கும் இடையில் அமைந்துள்ள பன்வில பிரதேசத்தில் இரண்டு வகையான சம்பளச் சீட்டுகள் புழங்குகின்றன. ஒன்று, தேயிலைத் தோட்டத்தின் செக்றோல் ஏட்டிலிருந்து எழுதப்பட்டு, வேலைசெய்த நாட்களைப் ‘பேர்’ என்று எண்ணும் தொழிலாளர் சீட்டு. மற்றது, வத்தேகமை வழியாகக் கண்டி நகருக்குச் சென்று தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோர் மாதமுடிவில் பெறும் அலுவலகச் சீட்டு. தோற்றத்தில் இவை இரண்டும் வெகுவாக வேறுபட்டாலும் சரிபார்க்கும் முறை ஒன்றேயாகும். பெரும்பாலானோர் சீட்டின் அடியிலுள்ள தேறிய சம்பளத்தை, அதாவது எல்லாப் பிடித்தங்களும் போகக் கைக்கு வரும் தொகையை, சென்ற மாதத்துத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்துவிடுகின்றனர். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் தொழிலில் நெடுங்காலம் இருப்போர் இந்த ஒப்பீட்டை நம்புவதில்லை. ஏனெனில் சீட்டில் நேரும் மிகக் கடுமையான பிழைகளுள் சில, தேறிய சம்பளத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியே காட்டுகின்றன.

இதற்குக் காரணம், ‘மொத்தச் சம்பளம்’ என்று சீட்டில் ஒரே வரியாக அச்சிடப்படும் தொகை பிடித்தங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அடித்தொகையாக இல்லாமையே ஆகும். மேலதிக நேரக் கொடுப்பனவு ஒரு தொகையின் மீதும், ஊழியர் சேமலாப நிதிக்கான பிடித்தம் இன்னொரு தொகையின் மீதும், வருமான வரி மூன்றாவது ஒரு தொகையின் மீதும் கணக்கிடப்படுகின்றன. ஆகவே, சரிபார்ப்பவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பதன்று, எதன்மீது பிடிக்கப்பட்டது என்பதே. வீதங்கள் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளதால் அவற்றில் தவறு நேர்வது அரிது; தவறு பெரும்பாலும் அடித்தொகையிலேயே நுழைகிறது.

விளக்கத்துக்காகக் கற்பனையாக அமைத்துக்கொள்ளப்பட்ட ஒரு சீட்டைப் படிப்படியாகப் பார்க்கலாம். கண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பணிபுரியும் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 144,000 ரூபா. அந்த மாதத்தில் அவர் 26,000 ரூபா விற்பனைத் தரகு பெற்றிருக்கிறார். 10 மணித்தியாலம் மேலதிக நேரம் உழைத்திருக்கிறார். விடுமுறை மிச்சமில்லாத நிலையில் ஒரு நாள் வேலைக்கு வராததால் ஒரு நாட் சம்பளம் வெட்டப்பட்டிருக்கிறது. இந்த வெட்டு சீட்டின் பிடித்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தாலும் உண்மையில் அது பிடித்தம் அன்று. உழைக்கப்படாத சம்பளம் என்பதால் தொடக்கத்திலேயே கழிக்கப்படவேண்டியது. மாதச் சம்பளத்தை 30ஆல் வகுக்கும் வழமையின்படி அது 4,800 ரூபா. எனவே அடிப்படைச் சம்பளமாக அந்த மாதம் உழைக்கப்பட்டது 139,200 ரூபா மட்டுமே. கணினியில் இவ்வெட்டைப் பிடித்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டால், பெறாத பணத்துக்கும் சேமலாப நிதியும் வரியும் கணக்கிடப்பட்டுவிடும் என்பதால், சீட்டில் அது எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

மேலதிக நேரத்துக்கு, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வருவோரின் மாதச் சம்பளம் 240ஆல் வகுக்கப்பட்டு ஒரு மணித்தியாலச் சம்பளம் பெறப்படுகிறது. ஒரு மாதத்துக்கு 30 நாள், நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் என்பதே இந்த 240. அதன் ஒன்றரை மடங்கு மேலதிக நேர வீதமாகும். இங்கே 144,000ஐ 240ஆல் வகுக்க 600 ரூபாவும், ஒன்றரை மடங்காக 900 ரூபாவும், 10 மணித்தியாலத்துக்கு 9,000 ரூபாவும் வருகின்றன. சம்பளமற்ற நாள் இருந்தது என்பதற்காகக் குறைந்த 139,200ஐ எடுத்து மணித்தியால வீதத்தைக் கணக்கிடுவது தவறு. வீதம் ஒப்புக்கொள்ளப்பட்ட மாதச் சம்பளத்திலிருந்து பிறப்பதேயன்றி அந்த மாதத்தின் வரவிலிருந்து பிறப்பதன்று. இவ்வாறு 139,200, 26,000, 9,000 ஆகிய மூன்றையும் கூட்ட மொத்தச் சம்பளம் 174,200 ரூபா ஆகிறது.

அடுத்து வருவது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டு, தொழில் திணைக்களத்தின் நிர்வாகத்திலும் மத்திய வங்கியின் நிதிப் பொறுப்பிலும் இயங்கும் இந்நிதிக்கு ஊழியரின் உழைப்பூதியத்தில் குறைந்தது 8 வீதம் அவரிடமிருந்து பிடிக்கப்படவேண்டும். அதற்கு மேலாகக் குறைந்தது 12 வீதத்தைத் தொழில்வழங்குநர் தம் பணத்திலிருந்து சேர்த்துச் செலுத்தவேண்டும். இதனோடு 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் செலுத்தப்படுகிறது; அது முழுவதும் தொழில்வழங்குநரின் பொறுப்பாதலால் ஊழியரின் பிடித்தப் பக்கத்தில் ஒருபோதும் தோன்றக்கூடாது. சட்டம் உழைப்பூதியம் என்று சொல்லும்போது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கருதவில்லை. வாழ்க்கைச் செலவுப் படியும் அதையொத்த படிகளும், விடுமுறை நாட்களுக்கான சம்பளமும், உணவுப் படியும், தரகும், துண்டு வேலைக்கான கூலியும் அதனுள் அடங்குகின்றன. மேலதிக நேரக் கொடுப்பனவும் போனசும் அடங்குவதில்லை.

ஆகவே இந்தச் சீட்டில் சேமலாப நிதியின் அடித்தொகை மொத்தமான 174,200 ரூபாவும் அன்று, அடிப்படையான 139,200 ரூபாவும் அன்று; அடிப்படையோடு தரகு சேர்ந்த 165,200 ரூபாவாகும். அதில் 8 வீதம் 13,216 ரூபா ஊழியரிடமிருந்தும், 12 வீதம் 19,824 ரூபா நிறுவனத்திடமிருந்தும் நிதிக்குச் செல்லவேண்டும். 3 வீதமான 4,956 ரூபா நம்பிக்கை நிதியத்துக்குச் செல்லவேண்டும்.

நடைமுறையில் அதிகம் காணப்படும் பிழை இந்த இடத்திலேயே நேர்கிறது. தரகு மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதைச் சம்பளம் அன்று, ஒருவகை ஊக்கத்தொகை என்று கருதி, அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டும் 8 வீதம் பிடித்துவிடுகின்றனர். அப்போது ஊழியரின் பிடித்தம் 11,136 ரூபாவாகக் குறைந்து, கைச்சம்பளம் 2,080 ரூபா கூடுகிறது. சீட்டைப் பெற்றவருக்கு அதில் முறையிட எதுவும் தெரிவதில்லை. ஆனால் அவருடைய கணக்கில் அந்த மாதம் சேராமற்போனது அவருடைய 2,080 ரூபா மட்டுமன்று. நிறுவனம் தரவேண்டிய 3,120 ரூபாவும் நம்பிக்கை நிதியத்தின் 780 ரூபாவும் கூடவே தவறிவிட்டன. இத்தொகைகளுக்கு ஓய்வுபெறும் வரை ஆண்டுதோறும் சேரவேண்டிய வட்டியும் சேர்ந்தே போய்விடுகிறது. கையில் கூடுதலாக வந்த 2,080 ரூபாவுக்காகத் தொழிலாளி ஒருவர் மறைமுகமாக இழப்பது 3,900 ரூபா என்பதைச் சொல்லிக் காட்டினால்தான் இது பிழை என்பது உறைக்கிறது.

பன்வில போன்ற தோட்டப் பிரதேசங்களில் இதே வினா தனிநபர் சீட்டைத் தாண்டி ஒரு சமூகத்தின் வினாவாகவே இருந்துவந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 730 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. அதில் அடிப்படை 500 ரூபா. மிகுதி 230 ரூபாவில் 60 ரூபா வருகைக் கொடுப்பனவாகவும், 140 ரூபா உற்பத்தித்திறன் கொடுப்பனவாகவும், 30 ரூபா விலைப் பங்காகவும் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. சேமலாப நிதிக்கு அடிப்படையான 500 ரூபாவே கணக்கில் எடுக்கப்பட்டது. மாதம் 25 பேர் பெற்ற ஒருவருக்கு 230 ரூபா வீதம் 5,750 ரூபா நிதியின் கணக்குக்கு வெளியே நின்றது. அதன் 20 வீதமான 1,150 ரூபா ஒவ்வொரு மாதமும் அவருடைய முதுமைக் கணக்கில் சேரவில்லை. வருகைக் கொடுப்பனவு போதிய நாட்கள் வேலைக்கு வந்தவர்க்கே உரியது என்பதால், நோயுற்ற மாதத்தில் அந்தத் தொகையும் கிடைக்காது. அறிவிக்கப்பட்ட கூலிக்கும் சேமிக்கப்பட்ட கூலிக்கும் இடையிலிருந்த இந்தத் தூரத்தைத் தொழிற்சங்கங்கள் பலமுறை சுட்டிக்காட்டியமை நியாயமானதே. 2021இல் சம்பளச் சபை நிர்ணயித்த 1,000 ரூபாவில் 900 ரூபா அடிப்படையாகவும் 100 ரூபா வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படியாகவும் இருந்தன. நிவாரணப் படிக்கும் சேமலாப நிதி உண்டு என்பதால் அந்த மாற்றம் கூலியின் அளவைவிடக் கூலியின் அமைப்பில் பெரிய மாற்றமாக இருந்தது. 2024 செப்டெம்பரில் நாட்கூலி 1,350 ரூபாவானபோது, 25 பேருக்கு 33,750 ரூபாவும் அதன் 8 வீதமாக 2,700 ரூபாவும் சீட்டில் தெரியவேண்டியவையாயின. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் கூலியை 1,550 ரூபாவாக்குவதோடு, அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகை தருவதாகவும் யோசனை கூறப்பட்டது. இப்படித் தனிப் பெயரோடு வரும் தொகை எதுவானாலும், அது சீட்டில் எந்த வரியில் எழுதப்பட்டு எந்த அடித்தொகையில் சேர்க்கப்படுகிறது என்பதைச் செக்றோல் எழுதும் கிளாக்கரிடம் தொழிலாளி கேட்டுத் தெரிந்துகொள்வது அவருடைய உரிமை.

தோட்டச் சீட்டில் ‘அரைப் பேர்’ என்னும் இன்னொரு சிக்கலும் உண்டு. நிர்ணயித்த கொழுந்தளவை எட்டாத நாளுக்கு அரை நாட்கூலி மட்டும் எழுதப்படுவதையே அச்சொல் குறிக்கிறது. சீட்டில் நாட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தெரியாமற்போகும். கூலித் தொகையை நாட்கூலியால் வகுத்துப் பார்த்து, வரும் எண் வேலைக்குச் சென்ற நாட்களோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடவேண்டும். மேலும், முற்பணம், தீபாவளிக் கடன், சங்கச் சந்தா, கோயில் வரி முதலிய பிடித்தங்கள் சட்டப் பிடித்தங்களோடு ஒரே நிரலில் கலந்து நிற்பதால், சேமலாப நிதியைத் தனியே பிரித்தெடுத்துச் சரிபார்த்த பின்பே மற்றவற்றைப் பார்ப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

மறுபடியும் அலுவலகச் சீட்டுக்கு வந்தால், எஞ்சியிருப்பது வருமான வரி. இலங்கையில் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் வரி 2019 முடியும் வரை உழைக்கும்போதே செலுத்தும் வரி என்னும் பெயரில் இருந்தது. 2020 ஜனவரியில் அது நீக்கப்பட்டு, ஏப்ரல் முதல் ஊழியரின் சம்மதத்தின் பேரில் மட்டும் பிடிக்கப்படும் முற்பணத் தனிநபர் வருமான வரி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமாக்கப்பட்டது. முற்பணம் என்னும் சொல்லே காட்டுவதுபோல், ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரியாண்டின் முடிவில் தீர்க்கப்படவேண்டிய வரியை மாதந்தோறும் முன்கூட்டியே பிடித்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இது. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 1,800,000 ரூபா, அதாவது மாதம் 150,000 ரூபா, வரியிலிருந்து விலக்கப்படுகிறது. அதற்கு மேற்பட்ட முதல் 83,333 ரூபாவுக்கு 6 வீதமும், அதன் பின் 41,667 ரூபா வீதமான படிகளுக்கு 18, 24, 30 வீதங்களும், மிகுதிக்கு 36 வீதமும் விதிக்கப்படுகின்றன.

வரியின் அடித்தொகை சேமலாப நிதியின் அடித்தொகையிலிருந்து இரு வழிகளில் வேறுபடுகிறது. ஒன்று, மேலதிக நேரக் கொடுப்பனவும் போனசும் வரிக்கு உட்படுகின்றன. இன்னொன்று, ஊழியர் செலுத்தும் 8 வீதம் வரிக்கு முன் கழிக்கப்படுவதில்லை. இந்தியாவில் பழைய வரி முறையைத் தெரிவுசெய்வோர்க்குத் தம்முடைய சேமலாப நிதிப் பங்களிப்பைக் கழித்துக்கொள்ளும் வசதி உண்டு. இந்தியச் சூழலுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்களையும் விளக்கக் குறிப்புகளையும் பார்த்துப் பழகியோர் இங்கும் அவ்வாறே செய்துவிடுவதுண்டு. எடுத்துக்கொண்ட சீட்டில் 174,200இலிருந்து 150,000ஐக் கழிக்க எஞ்சும் 24,200 ரூபாவின் 6 வீதமான 1,452 ரூபாவே சரியான வரி. சேமலாப நிதியை முதலில் கழித்துவிட்டால் வரி 659 ரூபாவாகத் தோன்றும். அந்தக் குறைவு மன்னிக்கப்பட்ட வரியன்று, ஆண்டு முடிவில் ஊழியரிடமே கேட்கப்படும் நிலுவை. பழைய அட்டவணை மாற்றப்படாமல் இருப்பதும் ஒரு பிழையே. 2025 மார்ச்சில் இதே 174,200 ரூபாவுக்கு வரி 6,404 ரூபாவாக இருந்தது. ஏப்ரலிலும் அதே தொகை பிடிக்கப்பட்டிருந்தால் கணினியில் பழைய அட்டவணை இருக்கிறது என்பது உடனே தெளிவாகும்.

வேகமாகச் சரிபார்க்க விரும்புவோர், மாத வருமானம் 233,333 ரூபாவுக்கு உட்பட்டிருந்தால், மொத்தத்தின் 6 வீதத்திலிருந்து 9,000 ரூபாவைக் கழித்தால் போதும். 174,200இன் 6 வீதம் 10,452. அதிலிருந்து 9,000 போக 1,452. படிதோறும் கூட்டிப் பார்ப்பதும் இதுவும் ஒரே விடையைத் தரவேண்டும்.

போனஸ் வரும் மாதம் தனிக் கவனத்துக்குரியது. இதே ஊழியருக்கு ஆண்டில் ஒருமுறை 150,000 ரூபா போனஸ் வழங்கப்படுகிறது என்று கொண்டால், அதை அந்த மாதச் சம்பளத்தோடு கூட்டி 324,200 ரூபாவுக்கு மாத அட்டவணைப்படி வரி பிடித்தால் 24,760 ரூபா வருகிறது. அதுவோ ஒரு மாதத்தில் வந்ததை ஒவ்வொரு மாதமும் வருவதுபோல் கருதிய கணக்கு. ஒரே தொகையாக வழங்கப்படும் கொடுப்பனவுகளுக்கென்று இறைவரித் திணைக்களம் தனி அட்டவணை வைத்திருக்கிறது. அது ஆண்டுச் சம்பளத்தையும் போனசையும் கூட்டிப் பார்க்கிறது. இங்கே எல்லா மாதமும் இதே சம்பளம் என்றால் ஆண்டுச் சம்பளம் 2,090,400 ரூபா. போனசோடு 2,240,400 ரூபா. இரண்டும் 6 வீதப் படிக்குள்ளேயே அடங்குவதால் போனசுக்குரிய வரி 9,000 ரூபா மட்டுமே. மாதத்துக்குரிய 1,452ஐயும் சேர்த்தால் 10,452 ரூபா. தவறான முறையில் 14,308 ரூபா கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருக்கும். போனஸ் மாதத்துச் சீட்டில் வரி திடீரென்று பல மடங்காக உயர்ந்திருந்தால், முதலில் ஐயுறவேண்டியது இதையே.

இப்போது கடைசி வரியைக் கட்டிவிடலாம். 174,200 ரூபாவிலிருந்து சேமலாப நிதி 13,216, வரி 1,452, 25,000 ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளத்தைப் பெற்றமைக்கான பற்றுச்சீட்டுக்குரிய முத்திரை வரி 25 ஆகியவற்றைக் கழிக்க, தேறிய சம்பளம் 159,507 ரூபா. அது வங்கிக் கணக்கில் வந்த தொகையோடு ரூபா ஒன்று பிசகாமல் பொருந்தவேண்டும். சதங்களைச் சுற்றுவதால் சில சதம் வேறுபடலாம். அதற்கு மேல் குறைந்தால் சீட்டில் எழுதப்படாத ஒரு பிடித்தம் இருக்கிறது என்று பொருள்.

இவ்வளவும் பொருந்திய பின்னரும் சீட்டால் நிரூபிக்க முடியாத ஒன்று இருக்கிறது. சீட்டு பிடித்ததைக் காட்டும், அனுப்பியதைக் காட்டாது. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் முதலியவற்றின் தோட்டங்களில் சேமலாப நிதி, நம்பிக்கை நிதிய நிலுவைகள் குவிந்தமை பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பலமுறை பேசப்பட்ட விடயம். அங்கு ஓய்வுபெற்ற பலருடைய துன்பம் சீட்டுகளில் பிழை இருந்ததால் வந்ததன்று, பிடிக்கப்பட்ட பணம் நிதிக்குப் போய்ச் சேராததால் வந்தது. சட்டப்படி ஒரு மாதத்தின் பங்களிப்பு அடுத்த மாதத்தின் இறுதி வேலை நாளுக்குள் செலுத்தப்படவேண்டும். தவறினால் தாமதத்தின் அளவைப் பொறுத்து 5 வீதம் முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் தொழில்வழங்குநர் மீது விழும். அக்கட்டணத்தை ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்க இடமில்லை.

எனவே மாதச் சீட்டுகளை வரிசையாகச் சேர்த்து வைத்து, மத்திய வங்கி அனுப்பும் உறுப்பினர் கணக்குக் கூற்று வரும்போது, ஒவ்வொரு மாதத்துக்கும் சீட்டிலுள்ள 8 வீதமும் 12 வீதமும் கூட்டிய தொகை அக்கூற்றில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எடுத்துக்காட்டிலுள்ள மாதத்துக்கு அது 33,040 ரூபா. கூற்றில் 27,840 ரூபா என்றிருந்தால் தரகு விடுபட்டிருக்கிறது. மாதமே காணப்படாவிட்டால் பணம் அனுப்பப்படவில்லை அல்லது உறுப்பினர் இலக்கம் மாறி வேறு கணக்கில் சேர்ந்திருக்கிறது. பெயரின் எழுத்துகளும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் தோட்டப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் நிதியில் வேறுவிதமாகவும் இருப்பது மலையகத்தில் வழக்கமாதலால், மூன்றாவது காரணமே உண்மையாக இருப்பதும் உண்டு. அதைப் பணியில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது, ஓய்வுக்குப் பின் திருத்த முயல்வதைவிடப் பன்மடங்கு எளிது. வரிக்கும் இதேபோல் ஒரு சான்று உண்டு: வரியாண்டு முடிந்ததும் தொழில்வழங்குநர் தரவேண்டிய டி10 சான்றிதழில் ஆண்டின் மொத்த வருமானமும் பிடித்த வரியும் எழுதப்பட்டிருக்கும், பன்னிரண்டு சீட்டுகளின் கூட்டுத்தொகை அதனோடு ஒத்திருக்கவேண்டும். கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருந்தால், நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்கும் ஆண்டு வரி விவரத்திரட்டின் மூலம் மீளக் கேட்கலாம். சேமலாப நிதி தொடர்பான முறைப்பாடு தொழில் அலுவலகத்துக்குச் செல்லும்போது, அதிகாரி முதலில் கேட்பது அந்தச் சீட்டுகளையும் கணக்குக் கூற்றையுமே.